விபத்துக்குப் பின் வரும் முதற் செலவு: மோட்டார் காப்புறுதியில் இழுவைக் கட்டணத்தின் எல்லைகள்

1. கேள்வி

களனிப் புதிய பாலத்தில் இருந்து இறங்கும் வாகனங்களும் பேஸ்லைன் வீதியில் பொரளைப் பக்கமிருந்து ஏறிவரும் வாகனங்களும், அவிசாவளைக்குப் போகும் கீழ்ப்பாதையை நோக்கித் திரும்பும் வாகனங்களும் ஒருகொடவத்தையில் சந்திக்கின்றன. துறைமுகத்துக்கும் சுற்றுவட்டாரக் களஞ்சிய முற்றங்களுக்கும் இடையே ஓடும் கொன்டெய்னர் லொறிகளும் இதே வழியால்தான் போய்வருகின்றன. இப்படியான சந்தியில் ஒரு கார் மோதி நின்றுவிட்டால், பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் வாகன வரிசை அதை நெடுநேரம் அங்கே நிற்க விடாது. பொலிஸார் அப்புறப்படுத்தச் சொல்வார்கள், யாராவது ஒருவர் கெரியர் லொறிக்காரரின் இலக்கத்தைத் தருவார். உரிமையாளர் தம் காப்புறுதிப் பத்திரத்தை வாசித்துப் பார்க்கும் முன்பே ஒரு தொகைக்கு உடன்பட்டிருப்பார்.

அந்தத் தொகையில் எவ்வளவைக் காப்புறுதி நிறுவனம் தரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. “முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன், ஆகவே எல்லாம் வரும்” என்பது உரிமையாளர்களிடையே பரவலான எண்ணம். “இழுவைக்குப் பத்திரத்தில் ஒரு தொகை போட்டிருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை” என்பது கோரிக்கைப் பிரிவுகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை. இரண்டுமே அரைகுறையானவை. இழுவைக்கான பொறுப்பு காரணம், இடம், தொகை என்னும் மூன்று எல்லைகளுக்குள் நிற்கிறது. இம்மூன்றில் தொகை எல்லைதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் வாகனம் முதன்முறை எங்கே கொண்டுபோகப்படுகிறது என்ற முடிவே உரிமையாளரின் கைப்பணத்தை அதிகம் கரைக்கிறது. பத்திரங்கள் இழுவைச் செலவைக் காட்டும் விதம் இந்த உண்மையை மறைக்கிறது என்றும், அதை மாற்ற முடியும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

2. வாசகத்தின் வழித்தடம்

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அதன் கட்டாயப் பகுதி பிறருக்கு ஏற்படும் மரணத்தையும் உடற்காயத்தையும் பற்றியது. சொந்த வாகனத்தின் சேதத்தை அது தொடுவதில்லை. ஆகவே மூன்றாந்தரப்புப் பத்திரம் மட்டும் வைத்திருப்பவர் தம் வாகனத்தை இழுத்துப்போகும் செலவைத் தம் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்க முடியாது. இழுவை பற்றிய பேச்சு முழுவதும் விரிவான காப்புறுதிக்கு உரியது.

விரிவான பத்திரங்களில் காணப்படும் இழுவை வாசகம் பிரித்தானிய மோட்டார் பத்திரங்களில் இருந்து வந்தது. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளின் பத்திரங்களில் அதன் சாயல் இன்றும் தெரிகிறது. அதன் சாரம் இதுதான்: காப்புறுதி செய்யப்பட்ட சேதத்தினால் வாகனம் இயங்க முடியாமற் போனால், அதைப் பாதுகாப்பதற்கும், மிக அண்மையில் உள்ள திருத்துமிடத்துக்குக் கொண்டுபோவதற்கும், திருத்தியபின் உரிமையாளரிடம் திரும்பச் சேர்ப்பதற்கும் ஆகும் நியாயமான செலவை நிறுவனம் ஏற்கும்.

இந்த ஒரே வாக்கியத்துக்குள் மூன்று செலவுகள் அடங்கியுள்ளன. முதலாவது பாதுகாப்பு. உடைந்த கண்ணாடிக்கு மறைப்புக் கட்டுவது, ஆளில்லாமல் விடப்பட்ட வாகனத்துக்குக் காவல் வைப்பது போன்றவை இதில் சேரும். இரண்டாவது அகற்றல், அதாவது நாம் இழுவை என்று சொல்வது. மூன்றாவது திரும்பச் சேர்த்தல். இந்த மூன்றாவதைக் கேட்டுப் பெறுபவர்கள் மிகச் சிலரே. கொழும்புக்குள் நடந்த விபத்தென்றால் உரிமையாளர் கராஜுக்குப் போய்க் காரைத் தாமே ஓட்டி வந்துவிடுவார், அதனால் நட்டமும் பெரிதாக இல்லை. வவுனியாவில் நடந்த விபத்தென்றால் கணக்கு வேறு.

யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திரும்பும் வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் வான் வவுனியாவில் மோதி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 250 கிலோமீற்றர். தெரிந்த கராஜில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வானைக் கெரியரில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தால், அந்தப் பயணத்தின் பெரும்பகுதி “மிக அண்மையில் உள்ள திருத்துமிடம்” என்ற எல்லைக்கு வெளியே போய்விடும். வவுனியாவிலேயே திருத்தக் கொடுத்தால், திருத்திய வானைக் கொழும்புக்குக் கொண்டுவரும் செலவைத் திரும்பச் சேர்த்தல் என்ற தலைப்பில் கேட்பதற்கு வாசகம் இடம் தருகிறது. ஒரே தூரம்தான், ஆனால் ஒரு திசையில் அது உரிமையாளரின் விருப்பச் செலவாகவும் மறுதிசையில் காப்புறுதிச் செலவாகவும் எண்ணப்படுகிறது. பத்திரத்தில் திரும்பச் சேர்த்தல் எழுதப்பட்டிருக்கிறதா, தொகை வரம்பு எவ்வளவு என்பதைப் பார்த்தபின் எடுக்க வேண்டிய முடிவு இது. வீதியோரப் பதற்றத்தில் அது பெரும்பாலும் பார்க்காமலே எடுக்கப்படுகிறது.

3. முதல் எல்லை: காரணம்

மோட்டார் பத்திரங்களின் தவிர்ப்புப் பட்டியலில் தேய்மானமும், இயந்திர அல்லது மின் கோளாறும், முறிவும் வழக்கமாக இடம்பெறும். இழுவை வாசகம் “காப்புறுதி செய்யப்பட்ட சேதத்தினால்” என்ற நிபந்தனையோடு கட்டப்பட்டிருப்பதால் இந்தத் தவிர்ப்புகள் இழுவைக்கும் தாமாகவே பொருந்துகின்றன. ரேடியேட்டர் பழுதாகி எஞ்சின் சூடேறி நின்ற காரை இழுத்துப்போகும் செலவு, சாதாரண விரிவான பத்திரத்தின்படி உரிமையாளரையே சேரும்.

இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று வாகன உரிமையாளர் சங்கங்கள். 1904இல் தொடங்கிய சிலோன் ஓட்டோமொபைல் அசோசியேஷன் அங்கத்தவர்களுக்கு வீதியோர உதவி வழங்கும் மரபைச் சேர்ந்தது. மற்றது, காப்புறுதி நிறுவனங்களே பத்திரத்தோடு இணைத்துத் தரும் வீதியோர உதவிச் சேவை. இந்தச் சேவை காப்புறுதி வாசகத்தில் இருந்து தனியானது. எத்தனை முறை, எத்தனை கிலோமீற்றர், எந்தப் பிரதேசம் என்ற நிபந்தனைகள் அதற்குத் தனியாக இருக்கும். “என் இன்சூரன்ஸில் டோ இருக்கிறது” என்று சொல்பவர், அது விபத்துக்கான வாசகமா, கோளாறுக்கான சேவையா என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சிக்கல் எழுவது இரண்டும் கலக்கும் இடத்தில். கோளாறினால் ஒருகொடவத்தையில் நின்றுவிட்ட காரைப் பின்னால் வந்த லொறி இடித்துவிட்டது என்று கொள்வோம். இடிபடும் முன்பே கார் இயங்க முடியாமல் இருந்தது. ஆகவே அதை இயங்க முடியாமற் செய்தது கோளாறுதான், விபத்து அல்ல என்று நிறுவனம் வாதிடலாம். சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்த வாதத்துக்கு ஓரளவு இடம் உண்டு. ஆனால் மோதலின் சேதம் மட்டுமே தனியாக நேர்ந்திருந்தாலும் அந்தக் காரை ஏற்றிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும் என்றால், இழுவையை விபத்தின் செலவாகக் கொள்வதே நேர்மையான வாசிப்பு. பத்திரத்தின் வாசகத்தில் இரண்டு பொருள் வரும்போது அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது காப்புறுதிச் சட்டத்தின் நிலைபெற்ற விதி. எழுதியது நிறுவனம்தான். எனவே பின்பக்கச் சேதம் சக்கரத்தையோ அச்சையோ பற்றியிருக்கிறது என்பதைக் காட்டும் படங்கள் இந்த வழக்கில் மிகவும் பெறுமதியானவை. பம்பர் மட்டும் நசுங்கியிருந்தால் நிறுவனத்தின் வாதமே வலுவானது.

வெள்ளம் இன்னொரு கலப்பு நிலை. 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகியபோது ஒருகொடவத்தையை அடுத்த வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் நீரில் மூழ்கின. நீரில் நின்ற காரின் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் பெருஞ்சேதம் உண்டாகும். காற்றைப் போலத் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. மேலெழும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். நீரினால் வந்த சேதம் வெள்ளக் காப்புறுதிக்குள் வரலாம். ஸ்டார்ட் செய்து பார்த்ததால் வந்த சேதத்தை உரிமையாளரின் செயலால் வந்தது என்று நிறுவனம் மறுக்க இடமுண்டு. பழுதுபட்ட வாகனத்தைத் திருத்தும் முன் ஓட்டினால் அதனால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்பது இவ்வகைப் பத்திரங்களில் வழக்கமான நிபந்தனை. இந்த நிலையில் இழுவை ஒரு சலுகையாக நிற்பதில்லை. எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக உரிமையாளரிடம் பத்திரமே எதிர்பார்க்கும் செயல் அது. கேட்டதைச் செய்தவருக்கு அதன் செலவை மறுப்பது முரண்பாடு.

4. இரண்டாம் எல்லை: இடம்

“மிக அண்மையில் உள்ள திருத்துமிடம்” என்பதை மூன்று விதமாக வாசிக்கலாம். தூரத்தில் மிகக் கிட்ட உள்ள ஏதோ ஒரு கராஜ் என்பது முதல் வாசிப்பு. அந்த வேலையைச் செய்யக்கூடிய கராஜ்களில் மிகக் கிட்ட உள்ளது என்பது இரண்டாவது. நிறுவனம் அங்கீகரித்த கராஜ்களில் மிகக் கிட்ட உள்ளது என்பது மூன்றாவது.

இரண்டாவது வாசிப்பே வாசகத்தோடு பொருந்துகிறது. நியாயமான செலவு என்ற சொல் அதே வாக்கியத்தில் இருக்கிறது. திருத்த முடியாத கராஜுக்கு இழுத்துப்போவதில் நியாயம் ஏதுமில்லை. உதாரணமாக ஒரு ஹைபிரிட் காரின் உயர் அழுத்த மின்கலத் தொகுதி மோதலில் அடிபட்டிருந்தால், தகரம் தட்டிப் பெயின்ட் அடிக்கும் சிறிய கராஜ் எவ்வளவு கிட்ட இருந்தாலும் அது திருத்துமிடம் ஆகாது. மூன்றாவது வாசிப்பைத்தான் நிறுவனங்கள் நடைமுறையில் விரும்புகின்றன. விலைமதிப்பிலும் உதிரிப்பாகங்களிலும் அவற்றுக்குக் கட்டுப்பாடு கிடைக்கிறது என்பதால் அந்த விருப்பம் இயல்பானதே. ஆனால் பத்திரத்தில் “அங்கீகரித்த” என்ற சொல் இல்லாதபோது, அந்த விருப்பத்துக்காக நடக்கும் கூடுதல் பயணத்தின் செலவை உரிமையாளர் தலையில் கட்டுவதற்கு அடிப்படை இல்லை.

எந்த முறையில் இழுக்கலாம் என்பதும் நியாயம் என்ற சொல்லோடு தொடர்புடையது. கயிறு கட்டி இழுப்பது மலிவு. ஆனால் எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை ஓரிரு மிதிப்போடு தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஓட்டோ கியர் வண்டிகளில் கியர்பொக்ஸுக்கு எண்ணெய் செலுத்தும் பம்ப் பொதுவாக எஞ்சினோடு சேர்ந்தே சுழலும். எஞ்சின் நின்றிருக்க ஓட்டுச் சக்கரங்கள் வீதியில் உருண்டால், எண்ணெய் இல்லாமலே பற்சக்கரங்கள் தேயும். கொழும்பில் நிறைந்திருக்கும் முன்சக்கர ஓட்ட ஹைபிரிட் கார்களில், முன்சக்கரங்கள் உருளும்போது அவற்றோடு இணைந்த மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். ஆகவே முன்சக்கரங்களை நிலத்தில் இருந்து தூக்கியோ முழுக் காரையும் கெரியரில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். இத்தகைய காருக்குக் கெரியர் செலவு ஆடம்பரம் ஆகாது. கயிற்றால் இழுத்திருக்கலாமே என்று கழிக்கும் மதிப்பீட்டாளருக்கு, காரின் கையேட்டில் உள்ள இழுவைப் பக்கமே போதுமான பதில்.

5. ஒரு கணக்கு

இந்த எல்லைகள் பணமாக மாறும் விதத்தைக் காண ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. சந்தை விலையாகவோ எந்த நிறுவனத்தினதும் வரம்பாகவோ அவற்றைக் கொள்ளக் கூடாது.

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒருவர் கட்டுநாயக்காவில் இருந்து இரவு திரும்பும்போது, பாலத்தில் இருந்து இறங்கி ஒருகொடவத்தைக்கு அருகே முன்னால் நின்ற டிரெய்லரில் மோதுகிறார். யாருக்கும் காயமில்லை. ரேடியேட்டர் உடைந்து நீர் வடிகிறது. இடப்பக்க முன்சக்கரம் நசுங்கிய மட்கார்டில் சிக்கி உருள மறுக்கிறது. பத்திரத்தின் அட்டவணையில் இழுவைக்கு 15,000 ரூபா வரம்பு.

கெரியர்க்காரரின் கட்டணத்தை இப்படி வைத்துக்கொள்வோம். முதல் 5 கிலோமீற்றர் வரை 8,000 ரூபா, அதற்கு மேல் கிலோமீற்றருக்கு 300 ரூபா, சிக்கிய சக்கரத்தோடு வின்ச் வைத்து ஏற்றி இறக்க 4,000 ரூபா, இரவுக் கட்டணம் 2,500 ரூபா.

அவர் காரை வீட்டுக்கு ஏற்றிச் செல்கிறார். தூரம் 10 கிலோமீற்றர். 8,000, மேலதிக 5 கிலோமீற்றருக்கு 1,500, வின்ச் 4,000, இரவு 2,500 என மொத்தம் 16,000 ரூபா. மறுநாள் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டு, பேலியகொடையில் உள்ள கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். தூரம் 13 கிலோமீற்றர். 8,000, மேலதிக 8 கிலோமீற்றருக்கு 2,400, வின்ச் 4,000 என 14,400 ரூபா. இரண்டும் சேர்த்து 30,400 ரூபா. நிறுவனம் தருவது 15,000. அவர் கையில் இருந்து போவது 15,400.

அந்த இரவே பாலத்தைத் திரும்பக் கடந்து நேராகப் பேலியகொடைக்குக் கொண்டுபோயிருந்தால், தூரம் 5 கிலோமீற்றருக்குள் அடங்கும். 8,000, 4,000, 2,500 என 14,500 ரூபா. வரம்புக்குள் அடங்கியிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, கிலோமீற்றர்க் கட்டணம் இந்த வேறுபாட்டில் சிறு பங்கே வகிக்கிறது என்பது. இரண்டு பயணங்களிலும் சேர்த்து மேலதிக தூரத்துக்குப் போனது 3,900 ரூபா மட்டுமே. கெரியரை இரண்டாம் முறை கூப்பிட்டதும், உருளாத காரை இரண்டாம் முறை ஏற்றி இறக்கியதும் 12,000 ரூபாவைத் தின்றுவிட்டன. இரண்டுதரம் இழுப்பதே உண்மையான நட்டம். வரம்பு 20,000 ஆக இருந்திருந்தாலும் அவர் 10,400 ரூபா கட்டியிருப்பார். முதல் இடத்தைச் சரியாகத் தெரிந்திருந்தால் வரம்பு 15,000 ஆக இருந்தும் ஒன்றும் கட்டியிருக்க மாட்டார்.

வீட்டுக்குக் கொண்டுபோனது அவரது பிழை என்று தள்ளிவிடுவது சரியாகாது. இரவில் கராஜ் திறந்திருக்காது என்று நினைத்தார், வீதியோரம் விட்டுவிட்டால் உதிரிப்பாகங்கள் கழற்றப்படும் என்று பயந்தார். பாதுகாப்பும் பத்திரம் ஏற்கும் செலவுதான் என்பதை நினைவில் கொண்டால், அவர் செய்தது வாசகத்தின் நோக்கத்துக்கு முரணாகாது. எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அந்த நேரத்தில் சொல்லக்கூடியவர் நிறுவனத்தின் அவசர இலக்கத்தில் இருந்தவர்தான். அவர் கேட்கப்படவில்லை, அல்லது கேட்கப்பட்டும் சொல்லவில்லை. அழைப்பு எடுக்கப்பட்டு, “வீட்டில் வைத்திருங்கள், நாளை பார்க்கிறோம்” என்ற பதில் கிடைத்திருந்தால், இரண்டாவது இழுவை நிறுவனத்தின் அறிவுறுத்தலால் நேர்ந்த செலவு. அதை வரம்புக்குள் அடைப்பது நியாயமற்றது.

6. மூன்றாம் எல்லை: தொகை

தொகை வரம்புக்கு நிறுவனங்கள் சொல்லும் காரணத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. விபத்து நடந்த இடத்தில் உரிமையாளருக்குப் பேரம் பேசும் நிலை இல்லை. முதலில் வந்து சேரும் கெரியர் கேட்பதே விலை. காசு காப்புறுதிதானே கட்டும் என்று இருதரப்பும் நினைத்துவிட்டால் பில் வீங்கும். ஒவ்வொரு பில்லையும் நியாயமானதா என்று ஆராய்வதற்கு ஆகும் செலவு சில வேளை பில்லையே தாண்டிவிடும். ஒரு வரம்பைப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை தீர்கிறது.

ஆனால் ரூபாவில் எழுதிய வரம்புக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அது காலத்தோடு நகர்வதில்லை. இந்தியாவில் 2002இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் கட்டண விதிகளின் மாதிரிப் பத்திரம், தனியார் கார் ஒன்றுக்கு ஒரு விபத்தில் பாதுகாப்பு, அகற்றல், திரும்பச் சேர்த்தல் ஆகிய மூன்று செலவுகளுக்கும் சேர்த்து 1,500 இந்திய ரூபாவும், இருசக்கர வண்டிக்கு 300 ரூபாவும் வரம்பாக வைத்தது. அதே எண்கள் நீண்ட காலம் பத்திரங்களில் அச்சாகி வந்தன. இலங்கையில் விலை நகரும் வேகத்தை 2022 காட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவானது. ஜனவரியில் எடுத்த ஓராண்டுப் பத்திரத்தின் இழுவை வரம்பு, டீசலில் ஓடும் கெரியரின் கட்டணத்துக்கு முன்னால் ஆறே மாதத்தில் பொருளிழந்தது. காப்புறுதித் தொகையை இடையில் உயர்த்திக்கொள்ள உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தல் வருவதுண்டு. இழுவை வரம்பை உயர்த்தச் சொல்லி யாரும் நினைவூட்டுவதில்லை.

இரண்டாவது குறை, ஒரே எண் எல்லா நிலைமைகளுக்கும் பொருந்தாது என்பது. சக்கரங்கள் உருளும் நிலையில் வீதியில் நிற்கும் சிறிய காரும், சுமையோடு கவிழ்ந்து வாய்க்காலில் கிடக்கும் லொறியும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. முன்னதற்குக் கெரியரும் ஓர் உதவியாளும் போதும். பின்னதற்குக் கிரேன் வேண்டும், சுமையை இறக்கி வேறு லொறியில் ஏற்ற வேண்டும், அதுவரை வீதியை மறிக்க வேண்டும். மீட்பது ஒரு வேலை, கொண்டுபோவது இன்னொரு வேலை. சுமையை இறக்கி ஏற்றும் செலவு மோட்டார் பத்திரத்தின் இழுவை வாசகத்துக்குள் அடங்காது. அது சரக்குக் காப்புறுதியில் தேட வேண்டியது. கொன்டெய்னர் லொறிகள் ஓயாது ஓடும் ஒருகொடவத்தையில் இந்த வேறுபாடு அன்றாடப் பொருத்தம் உடையது.

இதற்கு மாற்று வழி உண்டு என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. அங்கே பொலிஸார் அகற்றச் செய்யும் வாகனங்களுக்கான கட்டணத்தை 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அட்டவணையாக வகுத்தன. வாகனத்தின் எடை, அது வீதியில் இருக்கிறதா வீதிக்கு வெளியே கிடக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா கவிழ்ந்திருக்கிறதா, பெரிய சேதம் உண்டா, கனரக வாகனமானால் சுமை உண்டா என்ற கேள்விகளின் விடைக்கேற்பத் தொகை மாறும். மூன்றரைத் தொன்னுக்கு உட்பட்டு, வீதியில் நிமிர்ந்து, பெரிய சேதமின்றி நிற்கும் வாகனத்துக்கு 150 பவுண் என்று இருந்தது 2023இல் 192 பவுணாக உயர்த்தப்பட்டது. அந்த அட்டவணை காப்புறுதிப் பத்திரத்துக்காக எழுதப்பட்டதல்ல, பதினைந்து ஆண்டு கழித்தே அது திருத்தப்பட்டது என்பதும் உண்மை. ஆயினும் இழுவையின் விலையை உண்மையில் தீர்மானிப்பவை எவை என்பதை அது சரியாக இனங்கண்டிருக்கிறது. பேராசைப் பில்லைத் தடுக்கும் நிறுவனத்தின் நோக்கமும் நிறைவேறுகிறது, பெரிய வாகனக்காரர் தண்டிக்கப்படுவதும் குறைகிறது.

7. வரம்புக்கு மேற்பட்ட தொகை எங்கே போகிறது

நிறுவனம் தராத மிச்சம் எல்லாம் உரிமையாளரின் நட்டம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மோதியது மற்றவரின் கவனயீனத்தால் என்றால், நியாயமான இழுவைச் செலவு அவர் ஈடுசெய்ய வேண்டிய பொருளாதார இழப்பின் ஒரு பகுதி. இலங்கையில் தவறிழைப்புக்கான பொறுப்பை ஆளும் ரோமன்-டச்சுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. தான் கட்டிய 15,000 ரூபாவைக் காப்புறுதி நிறுவனம் தன் பங்காகத் தவறிழைத்தவரிடம் கேட்கலாம். வரம்புக்கு மேற்பட்டதை உரிமையாளர் தனியாகக் கேட்க வேண்டும். தவறிழைத்தவரின் பத்திரத்தில் மூன்றாந்தரப்புச் சொத்துச் சேதம் சேர்க்கப்பட்டிருந்தால் அதன் வழியாகவும் பெறலாம். சமரசம் பேசும்போது பம்பருக்கும் விளக்குக்கும் விலை பேசிக் கையொப்பமிட்டுவிட்டு இழுவையை மறந்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. இறுதித் தீர்வு என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகு அதைத் திரும்ப எழுப்புவது கடினம்.

காப்புறுதி நிறுவனத்தோடுதான் பிணக்கு என்றால், முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். அது தீராவிட்டால் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும், 2005இல் தொடங்கிய காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். இழுவைத் தொகைக்காக நீதிமன்றம் போவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆகவே இந்த வழிகளே நடைமுறையில் பயன்படும்.

இந்த எல்லா வழிகளிலும் எடுபடுவது பில்தான். “இழுவைக்கு 16,000” என்று ஒற்றை வரியில் எழுதிய துண்டு எதையும் நிறுவாது. எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீற்றர், வின்ச் எதற்காக, என்ன நேரம், எந்த வாகனத்தால், யார் சொல்லி என்ற விபரங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். சக்கரம் சிக்கியிருப்பதைக் காட்டும் ஒரு படம் வின்ச் கட்டணத்தை நியாயப்படுத்தும். நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு எடுத்த அழைப்பின் நேரம், இடத்தைத் தேர்ந்தது யார் என்ற கேள்விக்கு விடையாகும்.

8. முடிவு

மேலே பார்த்த மூன்று எல்லைகளில் காரணம் பற்றிய எல்லை தெளிவானது, அதற்கு நியாயமும் உண்டு. கோளாறைக் காப்புறுதி செய்ய விரும்புபவர் அதற்கான சேவையை வாங்கிக்கொள்ளலாம். இடம் பற்றிய எல்லை மங்கலானது. தொகை பற்றிய எல்லை துல்லியமாக இருந்தாலும் பொருத்தமற்றது. மங்கலான எல்லையால் இரண்டுதரம் இழுக்க நேர்கிறது, பொருத்தமற்ற எல்லை அதன் சுமையை உரிமையாளர்மீது இறக்குகிறது.

பத்திரத்தின் அட்டவணையில் இன்று ஒரே எண் நிற்கும் இடத்தில் மூன்று வரிகள் நின்றால் இந்த அநீதியின் பெரும்பகுதி நீங்கிவிடும். முதல் வரி, திருத்துமிடம் என்பது வேலையைச் செய்யக்கூடிய மிக அண்மைய இடம் என்றும், நிறுவனம் வேறிடம் கேட்டால் அந்தப் பயணம் நிறுவனத்தின் செலவு என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது வரி, மீட்பதற்கும் கொண்டுபோவதற்கும் வேறுவேறு வரம்புகளை வாகனத்தின் எடைக்கேற்ப வகுக்க வேண்டும். மூன்றாவது வரி, அவசர இலக்கத்தில் கேட்டு அதன்படி நடந்த இழுவைக்கு வரம்பு பொருந்தாது என்று உறுதி தர வேண்டும். மூன்றாவது வரியால் நிறுவனத்துக்கும் நன்மையே. கெரியரையும் கராஜையும் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கிறது, பில் வீங்கும் என்ற பயத்துக்கும் அதுவே மருந்து.

ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதை ஒரு வழிகாட்டலாக வெளியிடும்வரை, பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாளில் உரிமையாளர் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெற வேண்டும். இழுவை வரம்பு எவ்வளவு, அதற்குள் திரும்பச் சேர்த்தலும் அடங்குமா? இரவில் விபத்து நடந்தால் காரை எங்கே கொண்டுபோக வேண்டும்? நீங்கள் சொல்லி இரண்டாம் முறை இழுத்தால் அதை யார் கட்டுவது? இக்கேள்விகளைக் கேட்க வேண்டிய நேரம் புதுப்பிக்கும் நாள்தான். வாகனம் நின்றபின் உரிமையாளருக்கு அவற்றைக் கேட்கும் அவகாசமும் கிடையாது, பதிலை மாற்றும் பலமும் கிடையாது.